டி-எஸ்என்இ படத்தில் திரள்களுக்கு இடையிலான தூரம் எதைச் சொல்கிறது?

ஒற்றைச் செல் மரபணு ஆய்வு பற்றிய கட்டுரை ஒன்றைத் திறந்தால், முதல் சில பக்கங்களுக்குள்ளேயே வண்ண வண்ணத் தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு படம் பெரும்பாலும் வந்துவிடும். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் எவ்வளவு வெளிப்படுகின்றன என்று அளந்து, அந்த ஆயிரக்கணக்கான எண்களையும் தாளில் இரண்டே எண்களாகச் சுருக்கியிருப்பார்கள். படத்தைப் பார்ப்பவரின் கண் கேட்காமலேயே மூன்று செய்திகளை எடுத்துக்கொள்கிறது: எத்தனை தீவுகள் இருக்கின்றன, எது பெரியது, எது எதற்கு அருகில் இருக்கிறது. அந்தப் படம் டி-எஸ்என்இ முறையில் வரையப்பட்டதாக இருந்தால், இம்மூன்றில் எதற்கும் அந்த முறை உத்தரவாதம் அளிப்பதில்லை. முதன்மைக் கூறு பகுப்பாய்வு எனப்படும் பிசிஏ வரையும் படம் இதைவிடக் குழம்பலாகவும் அழகற்றதாகவும் இருக்கும். ஆனால் அது எந்தத் திசையில் பிழை செய்யும் என்பது முன்கூட்டியே தெரியும். இரண்டு முறைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

பிசிஏ பழைய முறை. கார்ல் பியர்சன் 1901இலும் ஹரால்ட் ஹோட்டலிங் 1933இலும் அதை வகுத்தார்கள். தரவுப் புள்ளிகள் எந்தத் திசையில் மிக அதிகமாகப் பரவியிருக்கின்றனவோ அத்திசை முதல் அச்சு. அதற்குச் செங்குத்தான திசைகளில் அடுத்த அதிகப் பரவல் உள்ளது இரண்டாம் அச்சு. எல்லாப் புள்ளிகளையும் இவ்விரு அச்சுகளால் ஆன தளத்தின்மீது நேராக வீழ்த்தினால் கிடைப்பதுதான் படம். ஒரு பொருளின் நிழலைச் சுவரில் பார்ப்பது போன்றது. இப்படி வீழ்த்தும்போது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் குறையலாமே தவிர ஒருபோதும் கூடாது. எனவே பிசிஏ படத்தில் இரண்டு திரள்கள் விலகி நின்றால், அவை உண்மையிலும் குறைந்தது அந்த அளவு விலகியே இருக்கின்றன. அவை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால், அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது; காட்டப்படாத மூன்றாவது அச்சிலோ முப்பதாவது அச்சிலோ அவை வெகுதூரம் பிரிந்திருக்கலாம். இதோடு, மொத்தப் பரவலில் எத்தனை விழுக்காட்டை ஒவ்வோர் அச்சும் தாங்குகிறது என்ற எண்ணும் கிடைக்கிறது. படம் எவ்வளவை மறைக்கிறது என்பதைப் படமே ஒப்புக்கொள்வதற்கு இது சமம்.

டி-எஸ்என்இ முறையை லாரன்ஸ் வான் டெர் மாட்டனும் ஜெஃப்ரி ஹின்டனும் 2008இல் வெளியிட்டார்கள். ஹின்டனும் சாம் ரோவெய்சும் 2002இல் முன்வைத்த முறையின் திருத்திய வடிவம் அது. இதில் தூரத்தைக் காப்பாற்றுவது நோக்கமே அல்ல. யார் யாருக்கு அண்டையர் என்பதைக் காப்பாற்றுவதே நோக்கம். முதலில் உயர் பரிமாணத் தரவில் ஒவ்வொரு புள்ளியும் மற்றப் புள்ளிகளுக்கு ஒரு நிகழ்தகவைப் பகிர்ந்து கொடுக்கிறது. அருகில் இருக்கும் புள்ளிக்கு அதிகமாகவும் தொலைவில் இருப்பதற்கு மிகக் குறைவாகவும் அது செல்கிறது. தூரத்தின் வர்க்கம் கூடக் கூட அந்தப் பங்கு அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. பிறகு தாளின்மேல் புள்ளிகளை நகர்த்தி நகர்த்தி, தாளில் உள்ள அண்டை உறவுகள் முதலில் கணக்கிட்ட அண்டை உறவுகளோடு கூடியமட்டும் ஒத்துப்போகும்படி செய்கிறது. தாளில் மட்டும் அண்டை உறவை ஸ்டூடண்ட் டி பரவலால் அளக்கிறார்கள். அதன் வால் நீளமானது என்பதால், உயர் பரிமாணத்தில் சற்றே தள்ளி இருந்த புள்ளிகளுக்குத் தாளில் நிறைய இடம் கிடைக்கிறது. பெயரில் உள்ள 'டி' அதிலிருந்து வந்ததுதான். தீவுகளுக்கு நடுவே அத்தனை சுத்தமான வெற்றிடம் தெரிவதற்கும் பெரும்பகுதி அதுவே காரணம்.

இரண்டு விவரங்களைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும். ஒன்று, நிகழ்தகவு எவ்வளவு விரைவாகச் சரிய வேண்டும் என்பது எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவானதல்ல. பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஓர் எண்ணை நாம் கொடுக்கிறோம். வழக்கமாக 5 முதல் 50 வரை, பெரும்பாலும் 30. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ அத்தனை அண்டையர் இருக்கும்படி அதனதன் அளவுகோலை நிரல் தனித்தனியாக நீட்டியும் சுருக்கியும் வைத்துவிடுகிறது. நெருக்கமான பகுதியில் இருக்கும் புள்ளிக்குச் சிறிய அளவுகோல், அகலமான பகுதியில் இருக்கும் புள்ளிக்குப் பெரிய அளவுகோல். மற்றொன்று, தவறுகளுக்கு விதிக்கப்படும் தண்டனை சமமானதல்ல. உண்மையில் அண்டையராக இருந்த இரண்டு புள்ளிகளைத் தாளில் பிரித்தால் கடும் தண்டனை; உண்மையில் தொலைவில் இருந்தவற்றைத் தாளில் தவறான இடத்தில் வைத்தால் மிக இலேசான தண்டனை. தொலைவில் இருப்பவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பது இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய பொருட்டே இல்லை.

இதைப் பொதுவாகச் சொல்வதைவிட, விடை முன்பே தெரிந்த ஒரு தரவை நாமே உண்டாக்கிப் பார்ப்பது நல்லது. 50 பரிமாண வெளியில் மூன்று திரள்கள், ஒவ்வொன்றிலும் 200 புள்ளிகள். A திரளும் B திரளும் ஒரே அளவு நெருக்கமானவை. ஒவ்வொரு அச்சிலும் திட்டவிலக்கம் 1. C திரள் ஐந்து மடங்கு அகலமானது. மூன்றின் மையங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன: A 0இல், B 20இல், C 100இல்.

```python
import numpy as np
from sklearn.decomposition import PCA
from sklearn.manifold import TSNE

rng = np.random.default_rng(0)
A = rng.normal(0, 1, (200, 50))
B = rng.normal(0, 1, (200, 50)); B[:, 0] += 20
C = rng.normal(0, 5, (200, 50)); C[:, 0] += 100
X = np.vstack([A, B, C])

P = PCA(n_components=2).fit_transform(X)
T = TSNE(perplexity=30, init="random",
         random_state=0).fit_transform(X)
```

முதலில் பிசிஏ. மையங்களின் வரிசை முழுவதும் முதல் அச்சில் விழுந்துவிடுகிறது. மொத்தப் பரவலில் அந்த ஓர் அச்சே சுமார் 81 விழுக்காட்டைத் தாங்குகிறது; இரண்டாம் அச்சின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. படத்தில் A-யும் B-யும் அடுத்தடுத்து இரண்டு சிறு புள்ளிக்கொத்துகளாகவும், C வெகுதூரத்தில் பரந்த மேகமாகவும் தெரியும். இடைவெளிகளை அளந்தால் 20, 80, 100 என்ற விகிதம் அப்படியே இருக்கும். இரண்டாம் அச்சில் தெரிவது வெறும் இரைச்சல்தான். அதையும் விழுக்காட்டு எண்ணே சொல்லிவிடுகிறது.

இனி அதே தரவை டி-எஸ்என்இ எப்படிப் பார்க்கிறது என்று A-யில் உள்ள ஒரு புள்ளியின் இடத்திலிருந்து பார்ப்போம். 50 பரிமாணங்களில் திட்டவிலக்கம் 1 உள்ள ஒரு திரளுக்குள் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் தூரத்தின் வர்க்கம் 100ஐ ஒட்டியே இருக்கும். மிக நெருங்கிய அண்டையருக்கு 60 அளவில் வரும். பெர்ப்ளெக்ஸிட்டி 30 என்றால், இப்புள்ளியின் அளவுகோலை σ என்று வைத்தால், பங்கைத் தரும் exp(−தூரத்தின் வர்க்கம்/2σ²) என்ற சூத்திரத்தில் வரும் 2σ² ஏறத்தாழ 10 ஆக அமையும். B-யில் உள்ள ஒரு புள்ளிக்கான தூரத்தின் வர்க்கம் சராசரியாக 500. சொந்த அண்டையரோடு ஒப்பிட்டால் B-யின் புள்ளிக்குக் கிடைக்கும் பங்கு exp(−44), அதாவது 10-இன் −19 அடுக்கு. C-யில் உள்ள புள்ளிக்கான தூரத்தின் வர்க்கம் சராசரியாக 11,300. அதற்குக் கிடைக்கும் பங்கு 10-இன் −488 அடுக்கு. இரட்டைத் துல்லிய எண்ணாகக் கணினி எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணையும் தாண்டி இது கீழே போய்விடுகிறது. கணினியைப் பொறுத்தவரை அது பூஜ்ஜியம். முன்னதும் பூஜ்ஜியத்துக்குச் சமம்தான். 20 தொலைவில் இருக்கும் திரளையும் 100 தொலைவில் இருக்கும் திரளையும் இந்தக் கணக்கு வேறுபடுத்துவதே இல்லை.

நடைமுறையில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. சைகிட்-லேர்ன் நூலகத்தின் இயல்புநிலை நிரல் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, பெர்ப்ளெக்ஸிட்டியின் மூன்று மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணிக்கையில் மட்டுமே அண்டையரைத் தேடுகிறது. நம் எடுத்துக்காட்டில் 91 பேர். ஒவ்வொரு திரளிலும் 200 புள்ளிகள் இருப்பதால் அந்த 91 பேரும் சொந்தத் திரளுக்குள்ளேயே கிடைத்துவிடுவார்கள். A-க்கும் B-க்கும் இடையிலான தூரம் இழுவிசையாகக் கணக்கில் எங்குமே நுழைவதில்லை. உள்ளே போகாத செய்தி வெளியே எப்படி வரும்?

ஆனாலும் தாளில் மூன்று தீவுகளுக்கு நடுவே ஏதோ ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்றால், எல்லாப் புள்ளிகளும் ஒன்றையொன்று தாளில் தள்ளிக்கொள்ளும் விலக்குவிசையிலிருந்தும், புள்ளிகள் முதலில் எங்கே தூவப்பட்டன என்பதிலிருந்தும், கணக்கை எத்தனை சுற்றுக்குப் பிறகு நிறுத்தினோம் என்பதிலிருந்தும் வருகிறது. சீரற்ற தொடக்கத்தோடு ஓட்டினால், மூன்று தீவுகளும் பெரும்பாலும் ஒரு முக்கோணத்தின் முனைகளில் ஒன்றுக்கொன்று ஒத்த தூரத்தில் உட்கார்ந்துகொள்ளும். சீரற்ற தூவலின் தொடக்க எண்ணான `random_state` மதிப்பை மாற்றினால் முக்கோணம் சுழலும், முனைகள் இடம் மாறும். நேர்கோட்டில் இருந்தவை முக்கோணமாகிவிட்டன என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் 'இந்தச் செல்வகை அந்தச் செல்வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எனவே அதிலிருந்து தோன்றியிருக்கலாம்' என்று இத்தகைய படத்தை மட்டும் காட்டி எழுதப்படும் வாக்கியங்களை நான் நம்புவதில்லை.

தீவின் அளவுக்கு வருவோம். C உண்மையில் A-யைவிட ஐந்து மடங்கு அகலமானது. ஆனால் C-யின் புள்ளிகளுக்கு அளவுகோலும் ஐந்து மடங்கு நீண்டுவிடுகிறது. தூரம் ஐந்து மடங்கு, அளவுகோலும் ஐந்து மடங்கு என்றால் பங்கீடு அப்படியே மாறாமல் இருக்கும். விளைவாக A-யும் C-யும் தாளில் ஏறக்குறைய ஒரே பரப்பை எடுத்துக்கொள்கின்றன. C-யில் 400 புள்ளிகளை வைத்திருந்தால் அதன் தீவு பெரிதாகும், ஆனால் அது புள்ளிகளின் எண்ணிக்கையால் வந்த பெருக்கம். ஒரே மாதிரியான செல்களை நிறையச் சேகரித்திருந்தாலும் பெரிய தீவு வரும்; வகைவகையான செல்கள் சிலவற்றை மட்டும் சேகரித்திருந்தால் சிறிய தீவுதான் வரும். படத்தில் அகன்ற தீவைக் காட்டி 'இவ்வகை செல்களுக்குள் வேறுபாடு அதிகம்' என்று சொல்வது, பல சமயம் 'எங்களிடம் இவ்வகை செல்கள் அதிகம்' என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

இல்லாத தீவைக் காட்டுவது இவற்றைவிட ஆபத்தானது. இப்போது 100 பரிமாணங்களில் எந்த அமைப்பும் இல்லாத ஒரே ஓர் இயல்நிலைப் பரவலிலிருந்து 500 புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். உயர் பரிமாணத்தின் விசித்திரம் என்னவென்றால், இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பார்கள். ஒரு புள்ளியிலிருந்து மற்றவற்றுக்கு உள்ள தூரம் சராசரியாக 14. மிக அருகில் இருப்பது 11 அளவில், மிகத் தொலைவில் இருப்பது 17 அளவில். அருகு, தொலைவு என்ற சொற்களுக்கே இங்கே அவ்வளவாக இடமில்லை. ஆனால் பெர்ப்ளெக்ஸிட்டி 5 என்று கொடுத்தால், ஐந்து பேர் மட்டும் அண்டையராக எஞ்சும்வரை நிரல் தன் அளவுகோலைச் சுருக்கிக்கொண்டே போகும். 11க்கும் 12க்கும் இடையிலான தற்செயலான வேறுபாடு அண்டையர், அந்நியர் என்ற பிரிவாக ஊதிப் பெரிதாகிறது. தாளில் சின்னச் சின்னக் கொத்துகள் முளைக்கின்றன. மார்ட்டின் வாட்டன்பெர்க், ஃபெர்னாண்டா வியேகாஸ், இயன் ஜான்சன் ஆகியோர் 2016இல் டிஸ்டில் இதழில் எழுதிய கட்டுரை இதைக் கண்முன் காட்டியது: வெறும் இரைச்சலைக் குறைந்த பெர்ப்ளெக்ஸிட்டியில் ஓட்டினால் திரள்கள் போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. பெர்ப்ளெக்ஸிட்டியை உயர்த்தினால் அந்தக் கொத்துகள் கரைந்து, புள்ளிகள் ஒரே வட்டமாகப் பரவும்.

அதே இரைச்சலுக்குப் பிசிஏ என்ன செய்கிறது? அமைப்பற்ற ஒரு மேகத்தை வரைகிறது; முதல் அச்சு மொத்தப் பரவலில் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் தாங்குகிறது என்றும் சொல்லிவிடுகிறது. நூறு அச்சுகளில் ஒன்றுக்கு ஒரு விழுக்காடு என்பதே எதிர்பார்ப்பு என்பதால், இங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று அந்த எண்ணிலிருந்தே தெரிந்துவிடும். டி-எஸ்என்இ முடிவிலும் ஓர் எண் அச்சாகிறது. அசல் அண்டை உறவுகளும் தாளில் உள்ளவையும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்கும் அதன் பெயர் கல்பாக்-லைப்ளர் விலகல். ஆனால் பெர்ப்ளெக்ஸிட்டியை மாற்றும்போது ஒப்பிடப்படும் நிகழ்தகவுகளே மாறிவிடுவதால், வெவ்வேறு பெர்ப்ளெக்ஸிட்டியில் கிடைத்த படங்களை அந்த எண்ணால் தரவரிசைப்படுத்த முடியாது. படத்தில் தெரியும் கொத்துகள் உண்மையா என்பதையும் அது சொல்லாது.

இவ்வளவு சொன்னபின் டி-எஸ்என்இ-யை ஏன் இத்தனை பேர் விரும்புகிறார்கள் என்ற கேள்வி எழும். விடை பிசிஏ-வின் பலவீனத்தில் இருக்கிறது. சைகிட்-லேர்னுடன் வரும் கையெழுத்து இலக்கத் தரவுத்தொகுப்பில் 8×8 கட்டங்களாக 1,797 படங்கள் இருக்கின்றன, அதாவது 64 பரிமாணங்கள். இதன் முதல் இரண்டு முதன்மைக் கூறுகள் சேர்ந்து தாங்குவது சுமார் 28.5 விழுக்காடுதான். அந்தப் படத்தில் பத்து இலக்கங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆனால் 64 பரிமாண வெளியில் அவை நன்றாகவே பிரிந்திருக்கின்றன. மிக எளிய அண்டைப்புள்ளி வகைப்படுத்தியே பெரும்பாலான படங்களைச் சரியாக அடையாளம் கண்டுவிடும். டி-எஸ்என்இ அதே தரவில் இலக்கங்களைத் தனித்தனித் தீவுகளாகப் பிரித்துக் காட்டுகிறது, இங்கே அது உண்மையைத்தான் காட்டுகிறது. பிசிஏ படத்தை மட்டும் பார்த்து 'இலக்கங்களைப் பிரிக்க முடியாது' என்று முடிவு செய்பவரும் தவறுகிறார். எஞ்சிய 71.5 விழுக்காடு படத்தில் இல்லை என்பதை அவர் படிக்கவில்லை, அவ்வளவுதான். அளவீடுகளின் அலகு மாறினால் பிசிஏ-வின் அச்சுகளும் மாறும், விலகி நிற்கும் ஒரு சில புள்ளிகளே ஓர் அச்சைத் தம் பக்கம் இழுத்துவிடும் என்பவையும் அதன் குறைகளே.

இரண்டையும் இணைக்கும் ஒரு பழக்கம் இப்போது பரவிவிட்டது. புள்ளிகளைச் சீரற்ற முறையில் தூவாமல், பிசிஏ கொடுத்த இடங்களையே சிறிய அளவில் சுருக்கித் தொடக்க நிலையாக வைப்பது. டிமிட்ரி கோபாக்கும் ஃபிலிப் பெரென்ஸும் ஒற்றைச் செல் தரவுக்காக 2019இல் இதைப் பரிந்துரைத்தார்கள். சைகிட்-லேர்ன் தன் 1.2 பதிப்பிலிருந்து இதையே இயல்புநிலையாக்கியது. நம் எடுத்துக்காட்டில் `init="pca"` என்று வைத்தால் B தன் இடத்தில், A-க்கும் C-க்கும் நடுவில் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் 20க்கு 80 என்ற விகிதம் திரும்பி வராது, C-யின் அகலமும் வராது. வரிசை சரியாக வந்தாலும் அந்தப் பெருமை பிசிஏ-வுக்கே உரியது. யூமேப் என்ற அடுத்த தலைமுறை முறை டி-எஸ்என்இ-யைவிடப் பெருவட்ட அமைப்பை நன்றாகக் காக்கிறது என்று சில ஆண்டுகள் பேசப்பட்டது. கோபாக்கும் ஜார்ஜ் லிண்டர்மனும் 2021இல் இரண்டையும் ஒரே தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்து, அந்த வேறுபாடு தொடக்க நிலையிலிருந்து வந்ததே என்று காட்டினார்கள்.

கையில் ஒரு டி-எஸ்என்இ படம் இருக்கிறது, அதில் உள்ள தீவுகள் உண்மையா என்று அறிய வேண்டும் என்றால், முதலில் தொடக்க எண்ணையும் பெர்ப்ளெக்ஸிட்டியையும் மாற்றிச் சிலமுறை ஓட்டுவது வழக்கம். அது அவசியம்தான், ஆனால் போதாது. நம் மூன்று திரள்கள் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே அகலத்தில்தான் வரும், அந்த நிலைத்தன்மை உண்மையின் அடையாளம் அல்ல. நான் அதிகம் நம்புவது இன்னொரு சோதனையை. தரவு அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாகக் கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு மாறியின் பரவலும் அப்படியே இருக்கும், மாறிகளுக்கு இடையிலான உறவு மட்டும் அழிந்துவிடும். இந்தக் கலைத்த தரவை அதே அமைப்புகளோடு டி-எஸ்என்இ-யில் ஓட்டினால், அதில் தென்படும் கொத்துகள் மாறிகளுக்கு இடையிலான உறவால் வந்தவை அல்ல. அசல் படத்தில் உள்ள கொத்துகள் இவற்றைவிடத் தெளிவாக இல்லையென்றால், அவற்றுக்குப் பெயர் சூட்டக் காரணம் எதுவும் இல்லை.

தூரத்தைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால், படத்தை விட்டுவிட்டு அசல் வெளியில் திரள்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தையும் ஒவ்வொரு திரளின் உள் அகலத்தையும் கணக்கிட்டு ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிடலாம். சில வரி நிரல் போதும். திரள்களைப் பிரிக்கும் வேலையையும் அங்கேயே செய்ய வேண்டும். டி-எஸ்என்இ கொடுத்த இரண்டு எண்களின்மேல், திரள்களைப் பிரிக்கும் நிரல்களான கே-மீன்ஸையோ டிபிஸ்கேனையோ ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடர்த்தி சமப்படுத்தப்பட்டு, இடைவெளி விலக்குவிசையால் ஊதப்பட்டு, குறைந்த பெர்ப்ளெக்ஸிட்டியில் இரைச்சலே கொத்தாகி நிற்கும் தாளின்மேல் அவ்வாறு பிரிப்பது, நிரலின் கைவேலையைத் தரவின் பண்பாக எடுத்துக்கொள்வதாகும். ஒற்றைச் செல் ஆய்வில் நன்கு வேலை செய்பவர்கள் சில பத்து முதன்மைக் கூறுகளை வைத்துக்கொண்டு, அந்த வெளியிலேயே அண்டையர் வலைப்பின்னலை அமைத்துத் திரள்களைப் பிரிக்கிறார்கள். கிடைத்த பெயர்களை டி-எஸ்என்இ படத்தின்மேல் வண்ணமாக மட்டும் பூசுகிறார்கள். அப்படிப் பூசியபின் ஒரே வண்ணம் இரண்டு தீவுகளில் தெரிந்தாலோ, ஒரு தீவுக்குள் இரண்டு வண்ணங்கள் கலந்திருந்தாலோ, அந்த முரண்பாடு எந்தப் பக்கத்தில் பிறந்தது என்று அசல் தூரங்களைக் கொண்டு பார்க்க முடிகிறது.